கிறுக்கின ட்ராமா நோட்ஸை ஏபிசிடிஈ-யா எழுதுறது எப்படி?

"ட்ராமா கேஸ் வந்தப்ப அவசரத்துல கிறுக்கி வச்ச ப்ரைமரி சர்வே நோட்ஸை அப்புறமா ஏர்வே, ப்ரீத்திங்னு தலைப்பு போட்டு எழுத சொல்றாங்க. செஞ்ச ட்ரீட்மென்ட் எல்லாத்தையும் கடைசில தனியா எழுதலாமா?"

தனியா எழுதாதீங்க. எந்தப் பிரச்சனைக்காக செஞ்சீங்களோ அதுக்குக் கீழயே போடுங்க: என்ன பாத்தோம், என்ன செஞ்சோம், அப்புறம் என்ன ஆச்சு. கடைசில மொத்தமா லிஸ்ட் போட்டா, ட்யூப் போட்டதுக்கு முன்னாடி சாச்சுரேஷன் எவ்ளோ, அப்புறம் எவ்ளோன்னு படிக்கிறவங்க தேடிட்டு இருப்பாங்க.

நானே ஒரு மாதிரி எழுதுறேன், பைக் ஆக்சிடன்ட்டுனு வச்சுக்கங்க. பேப்பர்ல இப்படி இருக்கு:

"பேசுறார், வாய்ல ரத்தம், சக்ஷன், காலர். 10.05 பிபி 84/50 பல்ஸ் 132. இடது காத்து இல்ல, ரேட் 36, சாச்சு 86. ஃபிங்கர் 10.08 சீறுச்சு. 2 லைன். டிஎக்ஸ்ஏ 1 கிராம் 10.12. ட்யூப் 28 10.15, 400 ரத்தம், சாச்சு 95. ஃபாஸ்ட் வயிறு பாசிட்டிவ். பைண்டர். 2 பேக்டு செல். ஈ3 வி4 எம்6. சுகர் 118. லாக் ரோல் முதுகு ஓகே. 35.1. 10.25 பிபி 102/64."

ஏர்வேல பெருசா வேலை இல்ல. பேசுறார், வாய்ல ரத்தம், சக்ஷன் பண்ணியாச்சு, கழுத்துக்கு காலர் போட்டாச்சு, அவ்ளோதான். காலர் ஏர்வேகூடத்தான் வரும், எக்ஸ்போஷர்ல இல்ல.

ப்ரீத்திங்ல ரேட் 36, சாச்சுரேஷன் 86, இடது பக்கம் காத்துச் சத்தம் இல்ல. டென்ஷன் நியூமோதொராக்ஸ்னு நினைச்சு 10.08-க்கு ஃபிங்கர் தொரகாஸ்டமி, காத்து சீறி வந்துச்சு, 10.15-க்கு 28 ஃப்ரெஞ்ச் ட்யூப், உடனே 400 மில்லி ரத்தம், சாச்சுரேஷன் 95 ஆச்சு. 400 மில்லிய ட்யூப்ல வந்த அளவா இங்க எழுதிட்டு, ரத்தம் போன கணக்குக்கு சர்குலேஷன்லயும் ஒரு வரி போடுங்க, ஏன்னா அங்கதான் சர்ஜன் பாப்பார். அடுத்தடுத்து எவ்ளோ வந்துச்சுங்கறதையும் டைமோட எழுதணும், ட்யூப் போட்டவுடனே 1500 மில்லிக்கு மேல வந்தா தியேட்டருக்குப் போற பேச்சு வரும்.

சர்குலேஷன்லதான் நிறைய பேர் சொதப்புவாங்க. 84/50-ங்கறது நெஞ்சைத் திறக்கறதுக்கு முன்னாடி எடுத்தது, 102/64 நெஞ்சைத் திறந்து 17 நிமிஷம் அப்புறம் எடுத்தது. ரெண்டு பிபிக்கும் நடுவுல ஃபிங்கர், ட்யூப், டிஎக்ஸ்ஏ எல்லாம் நடந்துருக்கு, பைண்டருக்கும் ரத்தத்துக்கும் பேப்பர்ல டைமே இல்ல. அதனால "ரத்தம் ஏத்தினதும் பிபி ஏறுச்சு"ன்னு எழுதாதீங்க, டென்ஷன் விட்டதாலயும் ஏறியிருக்கலாம். ரெண்டு பிபியையும் அதோட டைமோட போட்டு, தெரிஞ்ச டைமை மட்டும் எழுதி, பைண்டருக்கு "நேரம் குறிக்கல"ன்னு போடுங்க. ஃபாஸ்ட் பாசிட்டிவ், பைண்டர், ரெண்டு லைன், ரெண்டு யூனிட் எல்லாம் இந்தத் தலைப்புக்குக் கீழதான்.

டிசபிலிட்டில ஜிசிஎஸ் 13-னு மட்டும் எழுதாம ஈ3 வி4 எம்6-ஐ அப்படியே விடுங்க. சுகர் 118-உம் இங்கதான். ஒருவேளை ஜிசிஎஸ் கம்மியா இருந்து இன்ட்யூபேட் பண்ணிருந்தா ட்யூப் ஏர்வேல போகும், காரணம் டிசபிலிட்டில போகும், மருந்து குடுக்கறதுக்கு முன்னாடி பாத்த ஜிசிஎஸ் கட்டாயம் வேணும், அப்புறம் அதை யாராலயும் பாக்க முடியாது.

இப்போ பேப்பரை மறுபடி பாருங்க, பியூப்பிள் எங்கயுமே இல்ல. இந்த இடத்துல கை தானா "ரெண்டும் சமம், லைட்டுக்கு ரியாக்ட் ஆகுது"ன்னு எழுதிடும், ஏன்னா எல்லா நோட்லயும் அதான் இருக்கும். எழுதக் கூடாது. பாத்தவரைக் கேளுங்க, அவருக்கும் ஞாபகம் இல்லன்னா "குறிக்கப்படல"ன்னு போட்டுட்டு இப்ப பாத்து இப்போதைய டைமோட எழுதுங்க. "முதுகு ஓகே"வும் அதே மாதிரிதான், அதை வச்சு பெரினியம் பாத்தாச்சு, அக்குள் பாத்தாச்சுன்னு எக்ஸ்போஷர்ல நீட்டாதீங்க. 35.1 டெம்பரேச்சர் எழுதறீங்க, ஆனா போர்வை, வார்மர் எதுவும் பேப்பர்ல இல்ல, போட்டாங்களான்னு கேட்டுட்டு எழுதுங்க, போடலன்னா முதல்ல போய் போடுங்க.

இன்னொன்னு, இடது வலது. கால் பக்கம் நின்னு எழுதினவங்க தன்னோட இடதைக் குறிச்சிருக்க சான்ஸ் இருக்கு. ட்யூப் எந்தப் பக்கம் இருக்குன்னு பேஷன்ட்டையே போய்ப் பாத்துட்டு எழுதுங்க, ரெண்டு செகண்ட் வேலை. பேப்பர்ல வேற பக்கம் இருந்தா அதை சத்தமில்லாம மாத்தாம, மாறியிருந்துச்சுன்னு ஒரு வரி சேத்துடுங்க.

மேல எழுதுற டைம், கீழ கையெழுத்து. சம்பவ டைமும் எழுதின டைமும் வேற வேறன்னு தெரியணும், அந்தக் கிறுக்கல் பேப்பரைக் கிழிச்சுப் போடாம கேஸ் ஷீட்லயே வச்சிருங்க.