மண்பானை படத்தில் பிளாஸ்டிக் பளபளப்பு

"மானாமதுரைப் பானைக்கு ஏஐயில் படம் உருவாக்கினால் பிளாஸ்டிக் குடம் மாதிரி வருகிறது. ஏன்?"

பானையின் வயிற்றில் விழும் வெளிச்சத்தைப் பாருங்கள். ஓரம் கூர்மையான வெள்ளைப் பொட்டாக இருந்தால் கோளாறு அங்கேதான். மெருகிடாத மண் ஒளியைச் சிதறடிக்கும். வெளிச்சம் மங்கலாகப் பரவ வேண்டும்.

ப்ராம்ப்டில் `smooth`, `perfect`, `glossy` இருந்தால் எடுத்துவிடுங்கள். 'குறைகளோடு' என்று பொதுவாகக் கேட்டால் விரிசல் விழுந்துவிடும், உடைந்த பானையை யார் வாங்குவார்கள்? வயிற்றைச் சுற்றிச் சக்கர வரி, கழுத்தடியில் விரல் தடம், ஒரு பக்கம் மட்டும் சூளைப் புகைக் கருமை என்று இடம் குறித்து எழுதுங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் வரட்டும். நேராக விழுந்தால் வரி மறைந்துவிடும்.

அப்புறமும் வழவழப்பு போகவில்லையா? நிஜப் பானையை ஜன்னலோரம் வைத்து போனில் எடுத்து, கொடுத்த படத்தை வைத்துப் புதுப் படம் உருவாக்கும் `img2img`-இல் அதைக் கொடுங்கள். கொடுத்த படத்தை எவ்வளவு மாற்றலாம் என்று சொல்லும் `Denoising strength` 0.3 அளவில் இருக்கட்டும், 0.6 தாண்டினால் மண்ணின் சொரசொரப்பை ஏஐ மறுபடி வழித்துவிடும்.