சுவரில் மோதியது வேனா, காரா?

கேள்வி: கார் இன்சூரன்ஸ் கிளெய்மில் நான் எழுதிய விபத்து விவரம் தெளிவாக இல்லை, திரும்ப எழுதிக் கொடுங்கள் என்கிறார் சர்வேயர். நடந்ததைத்தானே எழுதினேன், இன்னும் எப்படி எழுதுவது?

எனக்கும் இதே கதை நடந்தது. ஏற்காட்டில் இருந்து சேலத்துக்கு இறங்கும்போது, அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில், என் கார் தடுப்புச் சுவரில் இடித்தது. ஓட்டியது என் மச்சான். நான் முதலில் எழுதிக் கொடுத்தது இதுதான்:

"ஏற்காட்டில் இருந்து இறங்கி வரும்போது மழை பெய்து, எதிரே வேன் வேகமாக வந்து, ஒதுங்கி, பிரேக் பிடிக்காமல் சுவரில் மோதி முன்பக்கம் சேதமானது."

சர்வேயர் போனில் கேட்ட முதல் கேள்வி: "சார், சுவரில் மோதினது வேனா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. வாக்கியத்தைத் திரும்பப் படித்தால் அவர் கேட்டது சரிதான். 'வந்து, ஒதுங்கி, மோதி' என்று எச்சங்களாகக் கோத்துக்கொண்டே போனால், கடைசியாகப் பெயர் வந்த ஆள்தான் எல்லாவற்றையும் செய்ததாக ஆகிவிடும். என் வாக்கியத்தில் அது வேன். காரின் பெயரே இல்லை. பேசும்போது கையைக் காட்டிச் சமாளித்துவிடுவோம். தாளில் கை கிடையாது.

அடுத்த கேள்விதான் வில்லங்கமானது: "பிரேக் ஃபெயிலியரா?" 'பிரேக் பிடிக்காமல்' என்றால் பிரேக் வேலை செய்யவில்லை என்றும் படிக்கலாம், மச்சான் பிரேக்கை அழுத்தவே இல்லை என்றும் படிக்கலாம். நான் சொல்ல வந்தது இரண்டும் இல்லை. பிரேக் பிடித்தது, ஈரத்தில் டயர் வழுக்கியது. வழக்கமான கார் பாலிசியில் தேய்மானமும் இயந்திரக் கோளாறும் சேராது. அதனால் பிரேக் ஃபெயிலியர் என்று படித்தால் விசாரணை வேறு பக்கம் போகும்.

அன்று ராத்திரி மச்சானை உட்கார வைத்து ஒவ்வொரு நொடியாகக் கேட்டேன். ஒரு செயலுக்கு ஒரு வாக்கியம், ஒவ்வொன்றிலும் யார் செய்தார் என்று எழுதினேன்:

"மாலை சுமார் 5.30 மணி. என் காரை என் மச்சான் ஓட்டினார். நான் பக்கத்தில் இருந்தேன். சேலம் நோக்கி இறங்கிக்கொண்டிருந்தோம். தூறலில் சாலை ஈரமாக இருந்தது. கார் இரண்டாவது கியரில் ஒரு கொண்டை ஊசி வளைவை நெருங்கியது. அப்போது கீழிருந்து ஏறி வந்த வேன் வளைவை அகலமாக எடுத்து எங்கள் பக்கம் வந்துவிட்டது. அதன் மேல் இடிக்காமல் இருக்க மச்சான் காரை இடப்பக்கம் ஒடித்து பிரேக்கை அழுத்தினார். பிரேக் பிடித்தது. ஆனால் ஈரச் சாலையில் டயர் வழுக்கியதால் கார் நிற்காமல் இடப்பக்கத் தடுப்புச் சுவரில் மோதியது. வேன் எங்கள் மேல் படவில்லை. நிற்காமல் மேலே போய்விட்டது. இடது முன் பம்பர், ஹெட்லைட், ஃபெண்டர் சேதம். யாருக்கும் காயம் இல்லை."

வேகம் எவ்வளவு என்று மச்சானுக்கு உறுதியாகத் தெரியவில்லை. கியர் தெரியும், அதை எழுதினேன். குத்துமதிப்பாக 20 என்று போட்டால் பின்னால் அதற்கும் பதில் சொல்ல வேண்டி வரும். 'பிரேக் பிடித்தது' என்பதும் வசதிக்காகச் சேர்த்ததில்லை. மோதிய பிறகு அதே பிரேக்கில்தான் அடிவாரம் வரை இறங்கினோம். உங்கள் வண்டியில் நிஜமாகவே பிரேக் போயிருந்தால் அதைத்தான் எழுத வேண்டும்.

மோதிய பிறகு என்ன செய்தோம் என்பதையும் சேர்க்கச் சொன்னார் சர்வேயர். நல்லவேளை, கிளம்பும் முன் மச்சான் குனிந்து ஆயில், தண்ணீர் எதுவும் ஒழுகவில்லை என்று பார்த்திருந்தார். ஒழுகுவது தெரிந்தும் ஓட்டி இன்ஜின் பிடித்துக்கொண்டால், அது விபத்தில் ஆன சேதம் இல்லை, பிறகு ஓட்டியதால் ஆனது என்று தள்ளிவிட வாய்ப்பு அதிகம். அதனால் பார்த்தது, கிளம்பியது என்ற வரிசையிலேயே இரண்டு வரி எழுதினேன்.

அப்புறம், வலது பின்கதவில் ஒரு பழைய கீறல் இருந்தது. இடது முன்பக்கம் இடித்த வண்டிக்கு வலது பின்னால் எப்படிக் கீறல் வரும்? அவர் கேட்கும் முன்பே 'இது பழையது, இந்தக் கிளெய்மில் கேட்கவில்லை' என்று ஒரு வரி போட்டேன்.

இன்னொன்று. முதல் தாள் ஏற்கெனவே அவர்கள் ஃபைலில் இருக்கிறது. அதனால் இரண்டாவதன் தலையில் 'முன்பு கொடுத்த விவரத்தின் விளக்கம்' என்று போட்டு, 'பிரேக் பிடிக்காமல்' என்று தவறாக எழுதிவிட்டேன் என்பதையும் குறிப்பிட்டு, நானும் மச்சானும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம்.