அப்பாவின் சர்க்கரையை எழுதலாமா, விடலாமா?

கேள்வி: எனக்கு 38 வயது. மனைவி, மகள், நான் மூவருக்கும் சேர்த்து 10 லட்சம் ரூபாய்க்கு ஃபேமிலி ஃப்ளோட்டர் ஹெல்த் இன்ஷூரன்ஸ் பாலிசி மூன்று வருடமாக ஓடுகிறது. அடுத்த மாதம் ரினியூவல். அப்பாவையும் (67) அம்மாவையும் (62) அதில் சேர்க்க நினைக்கிறேன். அப்பாவுக்கு 2015 முதல் சர்க்கரை, பிறகு பிரஷரும் வந்தது. அம்மாவுக்குத் தைராய்டு. முழங்காலுக்கு ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று போன வருடம் டாக்டர் சொன்னார், செய்யவில்லை. "இதெல்லாம் எழுதாதீங்க சார், பிரீமியம் ஏறும். அஞ்சு வருஷம் போயிட்டா யாரும் கேட்க முடியாது" என்கிறார் ஏஜென்ட். உள்ளதைச் சொல்லியே கம்பெனிக்குக் கடிதம் எழுத விரும்புகிறேன். எப்படி எழுதுவது?
— வாசகர், ஈரோடு

பதில்: ஏஜென்ட் சொல்லும் ஐந்து வருடக் கணக்கு ஒரு நிஜமான விதியிலிருந்து வருகிறது. 2024 முதல், ஒரு ஹெல்த் பாலிசி இடைவெளியில்லாமல் 60 மாதம் ஓடிவிட்டால், முன்பு சொல்லாமல் விட்டதைக் காட்டி கம்பெனி கிளைமை மறுக்க முடியாது. ஆனால் மோசடி என்று நிரூபித்தால் அப்போதும் மறுக்கலாம். தெரிந்தே மறைத்தது எந்தப் பக்கம் விழும் என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன். உங்கள் பாலிசிக்கு மூன்று வயது ஆனாலும், பெற்றோருக்கான கணக்கு அவர்கள் சேரும் நாளில்தான் தொடங்கும் என்பதையும் அவர் சொல்லவில்லை.

உள்ளதைச் சொன்னால் என்ன ஆகும்? ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் வரும். இப்போதைய விதிப்படி அது 36 மாதத்துக்கு மேல் போகக் கூடாது. அதன்பின் சர்க்கரையால் வரும் சிறுநீரகக் கோளாறுக்கும் தைரியமாகக் கிளைம் செய்யலாம். மறைத்தாலோ ஐந்து வருடம், ஒவ்வொரு அட்மிஷனிலும் பயந்துகொண்டிருக்க வேண்டும்.

அந்தப் பயம் வீணானதல்ல. மறைத்தது வெளியே வருவது கம்பெனியின் துப்பறிதலால் அல்ல, பெரும்பாலும் அப்பாவின் வாயாலேயே. மூச்சுத் திணறலோடு படுத்திருப்பவரிடம் டியூட்டி டாக்டர் "எத்தனை வருஷமா சுகர் இருக்கு?" என்று கேட்பார். "அது ஒரு பத்து வருஷம் இருக்கும்" என்பார் அப்பா. அது கேஸ் ஷீட்டில் ஏறும், டிஸ்சார்ஜ் சம்மரியிலும் வரும். கம்பெனி முதலில் தேடிப் படிப்பதும் அந்த வரியைத்தான்.

இன்னொன்று. தவறான தகவல் தந்தால் பாலிசி செல்லாது, கட்டிய பிரீமியம் திரும்பாது என்று பாலிசி நிபந்தனைகளில் ஒரு பிரிவு இருக்கும். ஒரே பாலிசிக்குள் எல்லோரையும் போட்டுவிட்டு அப்பாவின் நோயை மறைத்தால், உங்கள் மகளின் பாதுகாப்பும் சேர்ந்து ஆட்டம் காணும்.

அதனாலேயே, பெற்றோருக்குத் தனி பாலிசி எடுப்பது நல்லது என்பது என் கருத்து. ஃப்ளோட்டரின் பிரீமியத்தை வழக்கமாக மூத்தவரின் வயதை வைத்துத்தான் போடுவார்கள். 67 வயது உள்ளே வந்ததும் உங்கள் மூவருக்கான கட்டணமும் அந்த வயதுக் கணக்குக்கு ஏறிவிடும். பத்து லட்சத்தையும் ஐந்து பேர் பங்கிட வேண்டிவரும். சில ஃப்ளோட்டர்களில் பெற்றோரைச் சேர்க்க இடமே இருக்காது. இரண்டுக்கும் கொட்டேஷன் வாங்கிப் பாருங்கள். தனி பாலிசியில் கோ-பே, அதாவது பில்லில் ஒரு பங்கை நீங்களே கட்டும் நிபந்தனை, எத்தனை சதவீதம் என்று மறக்காமல் கேளுங்கள். சீனியர் பாலிசிகள் அங்கேதான் கடிக்கும்.

எந்த வழியில் போனாலும் கடிதம் இப்படி இருக்கலாம்:

"பொருள்: பாலிசி எண் ______: ரினியூவலின்போது பெற்றோரைச் சேர்த்தல், உடல்நிலை விவரம்.

ஐயா / அம்மையீர்,

மேற்கண்ட பாலிசியில் என் தந்தை (67), தாய் (62) இருவரையும் வரும் ரினியூவல் தேதி முதல் சேர்க்க வேண்டுகிறேன். அவர்கள் உடல்நிலை பின்வருமாறு.

தந்தை: 2015 முதல் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின் 500 மி.கி. தினம் இருவேளை. இன்சுலின் இல்லை. 2018 முதல் ரத்த அழுத்தம். டெல்மிசார்டன் 40 மி.கி. தினம் ஒன்று. கடைசியாகப் பார்த்த மூன்று மாத சராசரிச் சர்க்கரை அளவு ______, தேதி ______.

தாய்: ______ ஆண்டு முதல் தைராய்டு குறைவு. தைராக்சின் 50 மைக்ரோகிராம் தினம் ஒன்று. இரு முழங்கால்களிலும் தேய்மானம். ______ தேதியில் மருத்துவர் அறுவை சிகிச்சை செய்யலாம் என்றார். இதுவரை செய்யவில்லை.

இவை தவிர, எங்களுக்குத் தெரிந்தவரை இருவருக்கும் வேறு நோயோ, மருத்துவமனை அனுமதியோ, அறுவை சிகிச்சையோ இல்லை. மருந்துச் சீட்டுகள், ரத்தப் பரிசோதனை அறிக்கைகள், முழங்கால் எக்ஸ்ரே அறிக்கை இணைத்துள்ளேன். மருத்துவப் பரிசோதனைக்கு இருவரும் தயார். கூடுதல் பிரீமியம், காத்திருப்புக் காலம், விலக்கு எதுவாக இருந்தாலும், பணம் கட்டும் முன் எழுத்தில் தெரிவிக்கவும்."

மருந்துகளை உதாரணத்துக்குப் போட்டிருக்கிறேன். சீட்டில் உள்ளதைப் பார்த்து மாற்றுங்கள். தனி பாலிசி என்றால் முதல் பத்தியும் பொருளும் மட்டும் மாறும்.

ஆண்டுகளை நினைவிலிருந்து எழுதாதீர்கள். வீட்டில் கிடைக்கும் மிகப் பழைய மருந்துச் சீட்டையும் லேப் ரிப்போர்ட்டையும் தேடி எடுங்கள். அந்த ஆண்டுகளை அப்பாவிடமும் சொல்லி வையுங்கள். கடிதத்தில் 2015 என்று எழுதிவிட்டு, ஆஸ்பத்திரியில் அவர் "இருபது வருஷமா இருக்கு" என்றால், நேர்மையாக எழுதியவரும் விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டிவரும்.

அம்மாவின் முழங்காலை விட்டுவிடலாம் என்று தோன்றும், ஆபரேஷன் நடக்கவில்லையே என்று. அது சரியல்ல. பாலிசியில் சேர்வதற்கு முந்தைய 36 மாதத்தில் டாக்டர் கண்டறிந்ததும், சிகிச்சை வேண்டும் என்று சொன்னதும் ஏற்கெனவே உள்ள நோய்தான். விண்ணப்பம் "எப்போதாவது இருந்ததா?" என்று கேட்டால் 36 மாதக் கணக்கும் உதவாது. கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். மூட்டு மாற்றுக்கு வழக்கமாகவே தனிக் காத்திருப்புக் காலம் உண்டு. இரண்டும் சேர்ந்து வந்தால், எது நீளமோ அதுதான் பொருந்தும்.

கம்பெனி பரிசோதனை கேட்கும், கூடுதல் பிரீமியம் போடலாம், மறுக்கவும் செய்யலாம். கூடுதல் பிரீமியத்துக்கு உங்கள் சம்மதம் வேண்டும், பிடிக்கவில்லையென்றால் வேறு கம்பெனியைப் பார்க்கலாம். இதற்கெல்லாம் நாள் பிடிக்கும். ஆகவே கடிதத்தை இந்த வாரமே மின்னஞ்சலில் அனுப்புங்கள். ஏஜென்ட்டிடம் கையில் கொடுத்தால் கம்பெனிக்குப் போனதற்குச் சாட்சி இல்லை. பெற்றோர் விஷயம் முடியவில்லை என்பதற்காக உங்கள் மூவரின் ரினியூவலைத் தள்ளிப் போடாதீர்கள்.

பாலிசி வந்ததும் அதோடு வரும் விண்ணப்ப நகலில் சர்க்கரை, பிரஷர், தைராய்டு, முழங்கால் நான்கும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். விட்டுப்போயிருந்தால் உடனே எழுத்தில் திருத்தம் கேளுங்கள். தனி பாலிசியாக இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமையும் உண்டு. ரினியூவலில் அது கிடையாது.

இப்போது விண்ணப்பத்தை ஏஜென்ட்டே போனில் நிரப்பி, "ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க சார்" என்பார். அந்த எண்ணைச் சொன்னால் நீங்கள் கையெழுத்துப் போட்ட மாதிரிதான். கடிதத்தில் சர்க்கரை இருந்தும் விண்ணப்பத்தில் "இல்லை" என்று டிக் ஆகியிருந்தால் பிரச்சினை உங்களுக்குத்தான். நிரப்பிய பக்கங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி, உடல்நிலைக் கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்த பிறகு ஓடிபியைக் கொடுங்கள்.