இடிஎஃப்பா, இண்டெக்ஸ் யூனிட் டிரஸ்டா: செலவை எங்கே எண்ணுவது?

கேள்வி: அண்ணா, நான் சாட்ஸ்வொர்த்தில் பள்ளி ஆசிரியை. கையில் 60,000 ரேண்ட் இருக்கிறது, இனி மாதம் 1,000 ரேண்ட் போடவும் முடியும். பத்து வருஷத்துக்குத் தொட மாட்டேன். டாப் 40 இண்டெக்ஸ் யூனிட் டிரஸ்ட் எடுக்கச் சொல்கிறார் ஏஜென்ட். அவர் தந்த தாளில் "டிராக்கிங் எரர் குறைவு" என்ற வரியை வட்டமிட்டிருக்கிறார். மகனோ இடிஎஃப்தான் மலிவு என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: தங்கச்சி, முதலில் ஒரு பயத்தை ஒதுக்கி வைத்துவிடலாம். இடிஎஃப் என்பது பங்கைப் போலவே சந்தையில் புரோக்கர் வழியாக வாங்கி விற்கும் நிதி, யூனிட் டிரஸ்ட் என்பது நிதிக் கம்பெனியிடமே யூனிட்டாக வாங்கும் நிதி. டாப் 40 இண்டெக்ஸை, அதாவது குறியீட்டை, பின்தொடரும்போது இரண்டிலும் உங்கள் பணம் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான், ஜோஹானஸ்பர்க் பங்குச்சந்தையின் 40 பெரிய நிறுவனங்கள். நம் நாட்டில் இடிஎஃப்பும் யூனிட் டிரஸ்டும் பெரும்பாலும் கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கான ஒரே சட்டத்தின் கீழ்தான் வருகின்றன. நிதியின் பங்குகள் அதை நடத்தும் கம்பெனியின் சொத்தோடு கலக்காமல் தனியாகக் காக்கப்படுகின்றன. இடிஎஃப் இங்கே புதுசும் இல்லை. டாப் 40 குறியீட்டைப் பின்தொடரும் சாட்ரிக்ஸ் 40, 2000 நவம்பரிலேயே சந்தைக்கு வந்துவிட்டது. ஆகவே பாதுகாப்பில் பெரிய வேறுபாடு கிடையாது. செலவு எந்த இடத்தில் பிடிக்கப்படுகிறது என்பதுதான் வேறு.

ஏஜென்ட் வட்டமிட்ட வரிக்கு வருகிறேன். டிராக்கிங் எரர் குறைவாக இருந்தால் நஷ்டம் குறைவு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது அப்படியில்லை. நிதியின் வருமானத்துக்கும் குறியீட்டின் வருமானத்துக்கும் உள்ள இடைவெளி காலத்துக்குக் காலம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதை மட்டும்தான் டிராக்கிங் எரர் சொல்கிறது. அந்த இடைவெளி எவ்வளவு பெரிசு என்பதை அது சொல்லாது. அதைச் சொல்லும் கணக்குக்கு டிராக்கிங் டிஃபரென்ஸ் என்று பெயர்.

இரண்டு நிதிகளை வைத்துக் காட்டுகிறேன். கற்பனை எண்கள்தான், கணக்கு மட்டும் உண்மை. முதல் நிதி ஐந்து வருஷமும், ஒரு வருஷம் தவறாமல், குறியீட்டைவிடச் சரியாக 0.5 சதவீதம் பின்தங்குகிறது. இடைவெளி அசையவே இல்லை என்பதால் அதன் டிராக்கிங் எரர் பூஜ்யம். தாளில் பார்க்க அருமையாக இருக்கும். இரண்டாவது நிதி ஒரு வருஷம் 0.2 முந்துகிறது, அடுத்த வருஷம் 0.5 பிந்துகிறது, பிறகு 0.1 முந்தி, 0.4 பிந்தி, மறுபடி 0.1 முந்துகிறது. இதன் டிராக்கிங் எரர் சுமார் 0.32 சதவீதம். ஆனால் சராசரியாக அது பின்தங்கியது வருஷத்துக்கு 0.1 சதவீதம்தான். பத்து வருஷம் பணத்தை விட்டுவைக்கும் உங்களுக்கு இரண்டாவதுதான் நல்லது. டிராக்கிங் எரர் பயனில்லாத எண் என்று சொல்ல வரவில்லை. ஒரே குறியீட்டைத் தொடரும் நிதிகளில் ஒன்றுக்கு மட்டும் அது திடீரென்று ஏறினால், உள்ளே எதையோ சரியாகப் பார்க்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். ஆனால் அதை மட்டும் வைத்து நிதியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

பின்தங்குவது ஏன்? முதல் காரணம் நிதியின் வருடாந்தரக் கட்டணம், அதாவது டி.இ.ஆர். அடுத்தது, குறியீடு மாறும்போது நிதி பங்குகளை வாங்கி விற்க ஆகும் செலவு. இது தாளில் டி.சி. என்று இருக்கும், இரண்டையும் கூட்டினால் டி.ஐ.சி. மூன்றாவது, முதலீடு ஆகாமல் நிதிக்குள் கிடக்கும் ரொக்கம். யூனிட் டிரஸ்டில் தினமும் ஆட்கள் பணம் போட்டு எடுக்கிறார்கள், அதற்காகக் கொஞ்சம் ரொக்கம் கையில் வைக்க வேண்டியிருக்கிறது. சந்தை ஏறும்போது அந்த ரொக்கம் பின்னுக்கு இழுக்கும். இடிஎஃப்பில் நீங்கள் பெரும்பாலும் இன்னொரு முதலீட்டாளரிடமிருந்தோ, வாங்கவும் விற்கவும் எப்போதும் விலை வைத்திருக்கும் மார்க்கெட் மேக்கரிடமிருந்தோதான் வாங்குகிறீர்கள், அதனால் நிதிக்குள் இந்தத் தொல்லை குறைவு. எந்த நிதியிலும் டிராக்கிங் டிஃபரென்ஸைப் பார்த்துவிட்டால் இந்த மூன்றும் அதற்குள் அடங்கிவிடும். அதன்மேல் டி.இ.ஆரையும் இன்னொரு முறை கூட்டாதீர்கள்.

அதை நீங்களே பார்க்கலாம். நிதியின் மாதாந்தரத் தாளில் ஐந்து வருட வருமானமும் குறியீட்டின் வருமானமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், கழித்தால் போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். டிவிடெண்ட் சேர்த்த குறியீட்டோடுதான் ஒப்பிட வேண்டும். செய்தியில் சொல்லும் டாப் 40 எண்ணில் டிவிடெண்ட் சேராது. அதோடு ஒப்பிட்டால் எந்த நிதியும் கெட்டிக்கார நிதியாகத் தெரியும்.

இதுவரை சொன்னது நிதிக்கு உள்ளே ஆகும் செலவு. நிதிக்கு வெளியே ஆகும் செலவு தாளில் வராது. உங்கள் முடிவை மாற்றப்போவது அதுதான்.

உங்கள் தொகையையே எடுத்துக்கொள்வோம். யூனிட் டிரஸ்ட் குறியீட்டைவிட வருஷத்துக்கு 0.45 சதவீதம் பின்தங்குகிறது, இடிஎஃப் 0.20 பின்தங்குகிறது என்று வையுங்கள். வித்தியாசம் 0.25 சதவீதம். 60,000 ரேண்டுக்கு அது வருஷத்துக்கு 150 ரேண்ட். மகன் பேசுவது இந்த 150-ஐப் பற்றித்தான், அது உண்மையும்கூட.

ஆனால் இடிஎஃப்பை வாங்க புரோக்கரேஜ் கட்ட வேண்டும். 0.25 சதவீதம் என்றால் 150 ரேண்ட், 15 சதவீத வாட் சேர்த்து 172.50. அப்புறம் ஸ்ப்ரெட் இருக்கிறது, அதாவது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி. திரையில் வாங்கும் விலை 50.10, விற்கும் விலை 49.90 என்று இருந்தால், உண்மையான மதிப்பு 50 ரேண்டுக்குப் பக்கத்தில். நீங்கள் 50.10 கொடுத்து வாங்கும்போது 0.2 சதவீதம் போய்விடுகிறது, 60,000-க்கு அது சுமார் 120 ரேண்ட். ஆக வாங்க மட்டும் 292.50. பத்து வருஷம் கழித்து விற்கும்போதும் ஏறக்குறைய அதே விகிதம் ஆகும். வருஷம் 150 மிச்சம் என்றால் வாங்கிய செலவு இரண்டு வருஷத்தில் திரும்பிவிடும், விற்பதையும் சேர்த்தால் கிட்டத்தட்ட நான்கு வருஷம். உங்களுக்குப் பத்து வருஷம் இருப்பதால் மொத்தத் தொகைக்கு மகன் சொல்வதுதான் சரி.

மாதம் 1,000 ரேண்டுக்குக் கணக்கு வேறு. குறைந்தபட்சக் கட்டணம் இல்லாத புரோக்கரிடம் சதவீதம் அதேதான், ஒரு முறைக்கு ஐந்து ரேண்டுக்குள் முடிந்துவிடும். ஆனால் ஒவ்வொரு வாங்கலுக்கும் குறைந்தது 60 ரேண்ட் என்று வைத்திருக்கும் புரோக்கரிடம் வாட்டோடு 69 ரேண்ட் போகும். 1,000-இல் அது 6.9 சதவீதம். வருஷத்துக்கு 0.25 சதவீத மிச்சத்தை வைத்து அதைத் திருப்பி எடுக்க 27 வருஷத்துக்கும் மேல் ஆகும். அப்படிப்பட்ட புரோக்கராக இருந்தால் மாதாமாதம் இடிஎஃப் வாங்கவே வேண்டாம், டெபிட் ஆர்டர் போட்டு யூனிட் டிரஸ்டில் போடுங்கள். அங்கே அன்றைய நிகர மதிப்பில் பின்ன யூனிட்டோடு கிடைக்கும், ஸ்ப்ரெட் இல்லை. டிவிடெண்ட் வந்தால் அதையும் அங்கேயே மறுமுதலீடு செய்யச் சொல்லலாம். டிவிடெண்டை வெளியே தரும் இடிஎஃப் என்றால் அது புரோக்கர் கணக்கில் ரொக்கமாக வந்து விழும். கவனித்துத் திரும்ப வாங்காவிட்டால் அங்கேயே கிடக்கும்.

இடிஎஃப் வாங்கும் நாளில், சந்தை திறந்த முதல் கால் மணி நேரம் பொறுங்கள். காலை 9 மணிக்குத் திறந்தவுடன் ஸ்ப்ரெட் அகலமாக இருக்கும். வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டையும் பாருங்கள், விலை வரம்பு வைத்து ஆர்டர் போடுங்கள். "சந்தை விலைக்கு வாங்கு" என்று விட்டுவிடாதீர்கள். பிற்பாடு அமெரிக்கக் குறியீட்டு இடிஎஃப் வாங்க நினைத்தால், நம் நேரப்படி அவர்கள் சந்தை திறந்த பிறகு வாங்குவது நல்லது. அவர்களுடைய கோடையில் நமக்கு 15:30, குளிர்காலத்தில் 16:30. அதற்கு முன்பு மார்க்கெட் மேக்கர் ஊகத்தில் விலை வைக்கிறார், அந்த ஊகத்துக்கான விலை ஸ்ப்ரெட்டில் ஏறிவிடும்.

இன்னொன்றையும் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், உங்கள் ஏஜென்டின் கட்டணம். அது டி.இ.ஆரிலும் வராது, டிராக்கிங் டிஃபரென்ஸிலும் வராது. வருஷத்துக்கு 0.5 சதவீதம் என்றால் வாட்டோடு 0.575. 60,000-க்கு 345 ரேண்ட், அதுவும் ஒவ்வொரு வருஷமும். இடிஎஃப்புக்கும் யூனிட் டிரஸ்டுக்கும் நாம் இவ்வளவு நேரம் அலசிய 150 ரேண்ட் வித்தியாசத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஓய்வூதியம், இன்ஷூரன்ஸ், உயில் எல்லாவற்றையும் அவர் பார்த்துத் தருகிறார் என்றால் அந்தப் பணத்துக்கு நியாயம் உண்டு. ஒரு டாப் 40 நிதியில் கையெழுத்து வாங்கிக் கொடுப்பதற்கு மட்டும் என்றால் எனக்கு அதில் சம்மதமில்லை. முதல் கட்டணம் எவ்வளவு, வருடாந்தரக் கட்டணம் எவ்வளவு, பிளாட்ஃபார்ம் கட்டணம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். சொல்ல வேண்டியது சட்டப்படி அவர் கடமை. அவரைத் தவிர்த்து நேரடியாக அதே யூனிட் டிரஸ்டை வாங்க முடியுமா என்றும் நிதிக் கம்பெனியிடம் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, எதை எடுத்தாலும் வரியில்லா சேமிப்புக் கணக்குக்குள் எடுங்கள். இரண்டுமே அதற்குள் கிடைக்கின்றன, வெளியே பிடிக்கும் 20 சதவீத உள்நாட்டு டிவிடெண்ட் வரியும் அங்கே இல்லை. ஆனால் 60,000-ஐ ஒரே மூச்சில் போட முடியாது. வருஷ வரம்பு அதைவிடக் குறைவு, மாதம் 1,000 வீதம் போடுவதும் அதே வரம்பில்தான் சேரும். மீறிய தொகைக்கு 40 சதவீதம் அபராதம். இந்த ஆண்டு வரம்பை வரித்துறையான சார்ஸின் தளத்தில் பார்த்து, வருஷம் முழுக்கப் போடப்போகும் மாதத் தொகையைக் கழித்துவிட்டு, மீதிக்கு மட்டும் இப்போது இடிஎஃப் வாங்குங்கள். எஞ்சியதை, புது வரி ஆண்டு தொடங்கும் மார்ச் 1-க்குப் பிறகு போடலாம். வாழ்நாள் வரம்பு 500,000 ரேண்ட். எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டால் அதுவும் புதுப் பணமாக எண்ணப்படும். அதனால் பின்னால் கம்பெனியை மாற்ற விரும்பினால் பணத்தை வெளியே எடுக்காமல், கணக்கை நேரடியாக மாற்றித் தரும்படி புது கம்பெனியிடம் விண்ணப்பியுங்கள். 2018 மார்ச்சிலிருந்து அதற்கு அனுமதி உண்டு.