CS50 மூன்றாவது வாரத்தில் நின்றுபோனால்

கேள்வி: எந்த ஆன்லைன் கோர்ஸ் ஆரம்பித்தாலும் பாதியில் விட்டுவிடுகிறேன். இப்போது ஹார்வர்டின் கம்ப்யூட்டர் சயின்ஸ் அறிமுகக் கோர்ஸான CS50 மூன்றாவது வாரத்தில் நிற்கிறது. வீடியோ எல்லாம் பார்த்தாச்சு, மேலே போக மனசு வரவில்லை. முடித்தவர்கள் எப்படி முடித்தீர்கள்?

பதில்:

மூன்றாவது வாரம் என்றால், நீங்கள் நிற்பது டைட்மன் என்கிற தேர்தல் கணக்கில்தான் என்று நினைக்கிறேன். பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை எங்கள் ஊர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாசகசாலையில் சிலர் உட்கார்ந்து இந்தக் கோர்ஸைப் படிக்கிறோம். எங்களில் நின்றுபோன எல்லோருமே அசைன்மென்ட்டில்தான் நின்றார்கள், வீடியோவில் நின்றவர் யாருமில்லை. கோயம்புத்தூருக்கு பஸ்ஸில் வேலைக்குப் போய்வருகிற ஒரு தங்கை அங்கே சொன்னது இது: "வீடியோ பாத்தா எல்லாம் புரியுதுங்கண்ணா, கணக்கைத் திறந்தா கை ஓட மாட்டேங்குது."

அதனால் முதலில் வரிசையை மாற்றினோம். வாரம் தொடங்கியதும் அசைன்மென்ட் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் வீடியோவைத் திறப்பது. எதற்காகப் பார்க்கிறோம் என்று தெரிந்தால் இரண்டு மணி நேரப் பாடத்தில் எங்கே நிறுத்திக் குறிப்பெடுக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடுகிறது. எத்தனை வீடியோ பார்த்தோம் என்று நாங்கள் எண்ணுவதில்லை. அசைன்மென்ட் கொடுத்து மதிப்பெண் வந்தால்தான் அந்த வாரம் முடிந்ததாகக் கணக்கு.

இரண்டாவது, அந்த வாரத்தில் ரன்ஆஃப், டைட்மன் என்கிற இரண்டு தேர்தல் கணக்குகளில் ஒன்றைச் செய்தால் போதும். இதைக் கவனிக்காமல் டைட்மனோடு மல்லுக்கட்டிக் கோர்ஸையே விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ரன்ஆஃபை முடித்துவிட்டு நாலாவது வாரத்துக்குப் போய்விடுங்கள். டைட்மனுக்கு எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம்.

டைட்மனையே முடிக்க ஆசை இருந்தால், சிக்கல் எல்லாம் `lock_pairs` என்கிற ஒரே பகுதியில்தான். அதற்கான கோடை இங்கே எழுத மாட்டேன், கோர்ஸின் நேர்மை விதி அதை அனுமதிப்பதில்லை. காகிதத்தில் எப்படிப் போட்டுப் பார்ப்பது என்று மட்டும் சொல்கிறேன்.

தேர்தலில் மாலா, ரவி, செல்வி, கண்ணன் நிற்கிறார்கள். இருவர் இருவராக ஒப்பிட்டு, ஜெயித்தவரிடமிருந்து தோற்றவருக்கு ஒரு அம்பு போட வேண்டும். பெரிய வித்தியாசத்தில் ஜெயித்த ஜோடி முதலில். மாலா→ரவி போட்டாயிற்று, ரவி→செல்வியும் போட்டாயிற்று. அடுத்த ஜோடி செல்வி→மாலா. போடுவதற்கு முன்னால் தோற்றவரான மாலாவின் பெயரில் விரலை வையுங்கள். ஏற்கெனவே போட்ட அம்புகள் வழியாகவே நகர்ந்து செல்வியிடம் போய்ச் சேர முடிகிறதா? மாலாவிலிருந்து ரவி, ரவியிலிருந்து செல்வி. சேர்ந்துவிட்டீர்கள். இந்த அம்பைப் போட்டால் வட்டம் மூடிக்கொள்ளும், அதனால் தவிர்க்க வேண்டும். மாலாவிடமிருந்து செல்விக்கு நேராக அம்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் 'இல்லை' என்றுதான் வரும், அம்பையும் போட்டுவிடுவீர்கள். பலருக்கும் தப்பு இங்கேதான் நடக்கிறது. ஒருவரிடமிருந்து பல அம்புகள் கிளம்பலாம், ஒவ்வொன்றின் வழியாகவும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். ஒரு செயல்பாடு தன்னையே திரும்ப அழைக்கிற ரிகர்ஷன் தேவைப்படுவது அதற்காகத்தான்.

இன்னொரு தப்பு நுணுக்கமானது. கடைசி ஜோடியைத் தவிர்க்கிற சோதனை, நம் கோடைச் சரிபார்க்கிற `check50`-இல் பச்சையாகவும், நடு ஜோடியைத் தவிர்க்கிற சோதனை சிவப்பாகவும் வந்தால், வட்டத்தைக் கண்டுபிடிக்கிற பகுதி பெரும்பாலும் சரியாகவே இருக்கும். செல்வி→மாலாவைத் தவிர்த்த இடத்தில் `return` எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அது அந்தச் செயல்பாட்டை அங்கேயே முடித்துவிடும், அடுத்து வரவேண்டிய செல்வி→கண்ணன் பார்க்கப்படாமலே போய்விடும். அந்தத் தங்கைக்கு மாட்டியது இதுதான். ஜோடிகளைக் காகிதத்தில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தபோது கண்ணன் வரி அடிபடாமல் நிற்பதை அவளே கண்டுபிடித்தாள்.

அன்றிலிருந்து எழுந்து போவதற்கு முன், அடுத்து செய்ய வேண்டியதை கோடிலேயே ஒரு கமென்டாக எழுதிவைக்கச் சொல்கிறோம். 'நடு ஜோடி சோதனை சிவப்பு, கண்ணனை நாலாவதாக வைத்துப் பார்' என்கிற அளவுக்குத் துல்லியமாக இருக்க வேண்டும். வேலை முடிந்து அலுப்போடு வருகிறவருக்கு, எங்கே விட்டோம் என்று தேடுவதிலேயே அரை மணி நேரம் போனால் அன்றைக்கு லேப்டாப்பை மூடிவிடத்தான் தோன்றும்.

நாலாவது வாரம் மெமரி, ஐந்தாவது டேட்டா ஸ்ட்ரக்சர். இரண்டும் C மொழியில்தான், இரண்டும் கடினம்தான். ஆறாவது வாரம் பைத்தான் வந்ததும் மூச்சு விடலாம். அதற்கப்புறம் ஆட்கள் நிற்கிற இடம் ஃபைனல் ப்ராஜெக்ட். என்ன செய்வது என்று கடைசியில் யோசிக்க ஆரம்பித்தால் அதுவே மாதக்கணக்கில் இழுக்கும். ஏழாவது வாரம் SQL வரும்போதே தலைப்பை முடிவு செய்துவிடுங்கள். அந்தத் தங்கை எடுத்துக்கொண்டது, அவள் அம்மா பால் சொசைட்டியில் ஊற்றுகிற பாலின் காலை, மாலை அளவையும் வரவேண்டிய பணத்தையும் பதிந்துவைக்கிற ஒரு சின்ன வெப் பக்கம்.