கைக்கு வராத டாலருக்கு வரியா?

கேள்வி: சேலத்தில் கூட்டு நிறுவனம் வைத்து, ஏற்காடு காப்பிக்கொட்டை ஏற்றுமதி செய்கிறோம். பிப்ரவரியில் 20,000 டாலருக்கு சரக்கு போனது. அன்று டாலர் 84 ரூபாய். மார்ச் 31-ல் 86. பணம் ஜூலையில்தான் வந்தது, 85 ரூபாய்க்கு. ஆடிட்டர் 40,000 ரூபாய் லாபம் என்று மார்ச் கணக்கிலேயே எழுதிவிட்டார். வராத பணத்துக்கு எதற்கு வரி, ஐயா?

பதில்: உங்கள் ஆடிட்டர் செய்தது சரி. வலிக்கும்தான், ஆனால் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

விற்பனை என்பது பிப்ரவரியிலேயே முடிந்துவிட்டது: 16,80,000 ரூபாய். அந்தத் தொகை இனி மாறாது. அதற்குப் பிறகு உங்களிடம் இருப்பது வரவேண்டிய டாலர் பாக்கி. ஆண்டு முடிவில் அந்தப் பாக்கியை அன்றைய விலைக்கு மாற்றினால் 17,20,000. கூடுதல் 40,000 அந்த ஆண்டின் வருமானம். ஜூலையில் கைக்கு வந்தது 17,00,000. ஆகவே அடுத்த ஆண்டில் 20,000 நஷ்டம். இரண்டு ஆண்டும் சேர்த்தால் உங்களுக்கு உண்மையில் கிடைத்த 20,000-க்குத்தான் வரி.

2026 மார்ச் 31 வரையிலான ஆண்டுகளுக்குப் பொருந்தும் 1961 வருமான வரிச் சட்டத்தின் 43ஏஏ பிரிவும், அதோடு சேர்ந்த வருமானக் கணக்கீட்டுத் தர விதிகளில் ஆறாவதும் இதைத்தான் சொல்கின்றன. இந்த விதி உங்களுக்குச் சாதகமாகவும் வேலை செய்யும். மார்ச் 31-ல் டாலர் 82-க்கு இறங்கியிருந்தால், பணம் வராமலேயே 40,000 நஷ்டத்தைக் கழித்திருக்கலாம். உட்வர்ட் கவர்னர் வழக்கில் 2009-ல் உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட நஷ்டத்தை ஏற்றுக்கொண்டது. ஏறும்போது எழுதாமல் இறங்கும்போது மட்டும் எழுதினால் அதிகாரி விடமாட்டார்.

பலர் தடுமாறுவது செப்டம்பரில். தணிக்கை முடியும்போது ஜூலை விலை தெரிந்திருக்கும். "85 தானே வந்தது, மார்ச்சிலேயே 85 போட்டுவிடலாமே" என்பார்கள். கூடாது. மார்ச் 31-க்குப் பிறகு டாலர் ஏறி இறங்கியது அடுத்த ஆண்டுக் கதை.

இன்னும் ஒன்று. ஷிப்பிங் பில்லில் இருப்பது சுங்கத்துறை அறிவித்த டாலர் விலை. அது 83.20 என்று இருந்தால், ஜிஎஸ்டி கணக்கில் விற்பனை 16,64,000 ஆகிவிடும். புத்தகத்தோடு 16,000 உதைக்கும். அது அந்நியச் செலாவணி நஷ்டமும் இல்லை, மறைத்த விற்பனையும் இல்லை. இன்வாய்ஸ் வாரியாக ஒரு ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு வையுங்கள். நோட்டீஸ் வந்தால் அதுதான் பதில். அதேபோல வெளிநாட்டு வங்கி 40 டாலர் பிடித்துக்கொண்டு 19,960 மட்டும் அனுப்பினால், அந்த 40 டாலரை வங்கிக் கட்டணம் என்றே எழுதுங்கள். செலாவணி நஷ்டத்தில் கலந்தால் கணக்கு நேராகாது.

இந்த டாலரை முன்கூட்டியே வங்கியில் ஃபார்வர்டு புக் செய்திருந்தீர்களா? அப்படியானால் மேலே சொன்ன கணக்கு மாறும். அந்த ஒப்பந்தத்தையும் ஆடிட்டரிடம் காட்டுங்கள்.