மாலை போட்ட போட்டோவுக்கும் கால்ஷீட் வேண்டும்: சீன் பிரித்தல், ஷெட்யூல் போடுதல் கேள்வி பதில்

உதவி இயக்குநராகச் சேர்ந்து இப்போது இணை இயக்குநராக இருக்கிறேன். ஒவ்வொரு சீனுக்கும் யார், என்னென்ன வேண்டும் என்று சீன் பிரிக்கிற நோட்டும், எதை எந்த நாளில் எடுப்பது என்று போடுகிற ஷெட்யூல் சார்ட்டும் நான் வேலை பார்த்த படங்களில் பெரும்பாலும் என் தலையில்தான் விழும். சின்ன பட்ஜெட் படங்கள்தான் அதிகம். வந்த கேள்விகளில் ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (முதல் படம் எடுக்கப்போகிறவர், திருச்சி): ஸ்கிரிப்ட்டில் கலர் பேனாவால் நடிகர், ப்ராப்பர்ட்டி, காஸ்ட்யூம் என்று கோடு போட்டுவிட்டேன். இதோடு பிரிக்கிற வேலை முடிந்ததா அண்ணா?

எழுதியிருப்பதற்குக் கோடு போட்டிருக்கிறீர்கள், அது பாதி வேலை. எழுதாமல் விட்டதைக் கண்டுபிடிப்பதுதான் மீதி. ஒரு சீனை எடுத்துக்கொள்வோம்:

"காட்சி 14. வெளி, பகல். செல்வி வீட்டு வாசல். மழை விட்டிருக்கிறது. கையில் கட்டோடு மாமா சைக்கிளை நிறுத்துகிறார். திறந்த கதவு வழியே, மாலை போட்ட அப்பா படத்தின் கீழே செல்வி போனில் பேசிக்கொண்டிருப்பது தெரிகிறது."

நடிகர்கள் மாமா, செல்வி. பொருள்கள் சைக்கிள், போன், மாலை. இதை யாரும் எழுதிவிடுவார்கள். ஆனால் மழை விட்டிருக்கிறது என்றால் தரை நனைந்திருக்க வேண்டும். அன்று வெயில் அடித்தால் தண்ணீர் லாரி வேண்டும், தெருவையே நனைக்க வேண்டும். கையில் கட்டு என்றால் அடிபட்டது எந்த சீன், கட்டு பிரித்தது எந்த சீன் என்று பார்த்து, நடுவில் வரும் எல்லா சீனிலும் 'கட்டு' என்று குறிக்க வேண்டும். சீன் வாசலில்தான், ஆனால் கதவு திறந்திருப்பதால் உள் அறையையும் ஆர்ட் டிபார்ட்மென்ட் தயார் செய்ய வேண்டும். போனில் மறுமுனையில் பேசுபவர் முகம் தெரியுமா, குரல் மட்டுமா? இயக்குநரிடம் கேட்காமல் எழுதக்கூடாது.

கடைசியாக அப்பா படம். இதில் நானே மாட்டியிருக்கிறேன். அப்பாவாக நடித்தவருக்கு ஃபிளாஷ்பேக்கில் மட்டும்தான் வேலை, அது இரண்டாவது ஷெட்யூலில். முதல் ஷெட்யூலின் முதல் நாளே மாலை போட்ட படம் தேவைப்பட்டது. அவரை ஸ்டில் எடுத்து வைக்கவே இல்லை. கடைசியில் அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு கல்யாண வீட்டு போட்டோவை வெட்டி மாட்டினோம். பின்னால் நின்ற சீரியல் லைட் லேசாகத் தெரியும். இப்போதெல்லாம் போட்டோவில் மட்டும் வருகிறவரையும் நடிகர் கட்டத்திலேயே எழுதி, பக்கத்தில் 'ஸ்டில்' என்று போட்டுவிடுகிறேன்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): ஒரு பக்கம் ஒரு நிமிஷம் என்று கணக்கு. பக்கத்தை எட்டாகப் பிரித்து ஒரு நாளைக்கு எவ்வளவு என்று போட்டால் ஷெட்யூல் தானாக வந்துவிடுமே?

அந்தக் கணக்கு ஹாலிவுட் பாணியில் ஒரே அளவு எழுத்து, ஒரே மார்ஜின் வைத்து டைப் செய்த ஸ்கிரிப்ட்டுக்கு ஓரளவு சரிவரும். நம் ஊரில் இடப்பக்கம் செயல், வலப்பக்கம் வசனம் என்று இரண்டு பத்தியாக எழுதுகிறவர்கள் உண்டு, கையால் எழுதுகிறவர்களும் உண்டு. அங்கே எட்டில் ஒரு பங்குக்கு அர்த்தமே இல்லை.

இன்னொன்று, அது படத்தில் எவ்வளவு நேரம் ஓடும் என்றுதான் சொல்லும். எடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்லாது. 'கூட்டம் சிதறி ஓடுகிறது' என்பது ஒரே வரி, அரை நாள் போகும். திண்ணையில் இரண்டு பேர் பேசுவது மூன்று பக்கம் இருக்கும், மூன்று மணி நேரத்தில் முடியும். அதனால் நான் பக்கத்தை எண்ணுவதில்லை. இயக்குநரையும் கேமராமேனையும் உட்காரவைத்து, சீன் வாரியாக எத்தனை மணி நேரம் என்று கேட்டு எழுதிக்கொள்வேன். அவர்கள் சொல்வதோடு நான் கொஞ்சம் கூட்டிக்கொள்வேன், அது வேறு கதை.

கேள்வி (உதவி இயக்குநர், தென்காசி): பாட்டி வேடத்துக்கு ஒரு மூத்த நடிகை 11, 12, 13 என மூன்று நாள்தான் தருகிறார். வெள்ளி, சனி, ஞாயிறு. அவருக்கு 9 சீன். வீட்டில் 6, ஆஸ்பத்திரியில் 2, கோயிலில் 1. ஆஸ்பத்திரி ஞாயிறு மட்டும்தான் கிடைக்கும். ஹீரோ 12ஆம் தேதிதான் வருகிறார். எப்படிப் போட்டாலும் இடிக்கிறது சார்.

நீங்கள் தனியே அனுப்பிய, சீனுக்கு ஒரு வரி என்று எழுதிய ஒன் லைன் ஆர்டரைப் பார்த்தேன். இடிப்பதற்குக் காரணம், பாட்டி பெயர் வருகிற சீன் எல்லாவற்றுக்கும் பாட்டி நேரில் வேண்டும் என்று வைத்திருக்கிறீர்கள். நடிகர் பெயருக்குப் பக்கத்தில் முகமா, டூப் போதுமா, குரல் மட்டுமா என்று எழுதிப் பாருங்கள். 15ஆம் சீனில் அவர் அடுப்படியிலிருந்து "சாப்பிட்டுட்டுப் போடா" என்கிறார், அவ்வளவுதான். டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம், அதை 14ஆம் தேதிக்குத் தள்ளுங்கள். 45ஆம் சீனில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஆக்சிஜன் மாஸ்க்கோடு படுத்திருக்கிறார், கேமரா வாசலில் நிற்கிறது. அதற்கு டூப் போதும். ஒன்பது ஏழாகிவிட்டது.

இனி ஏழையும் அடுக்கலாம். ஹீரோ இல்லாத வெள்ளிக்கிழமை, பாட்டி தன் மகளோடு மட்டும் நடிக்கிற சீன்களை வையுங்கள். விடிகாலை 6 மணிக்குக் கோயில், சீன் 3, ஏழரைக்கு முடியும். 9 மணிக்கு வீட்டில் 8, அடுத்து 27, இரண்டும் சேர்ந்து இரண்டரை மணி நேரம். 33 இரவு சீன், ஆனால் அறைக்குள். எல்லோரும் சாப்பிடும் நேரத்தில் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டச் சொல்லுங்கள், பன்னிரண்டரைக்கு ஆரம்பித்து 2 மணிக்கு அந்த நடிகையை அனுப்பிவிடலாம்.

சனிக்கிழமை அவரை 1 மணிக்கு வரச் சொல்லுங்கள். 2 முதல் 5 வரை ஹீரோவோடு 40. அப்புறம் 21. இதுவும் இரவுதான், ஆனால் திண்ணையில் நடக்கிறது, தெரு தெரிகிறது. கறுப்புத் துணி இங்கே உதவாது, நிஜமாகவே இருட்ட வேண்டும். ஆறே முக்காலுக்கு ஆரம்பித்தால் எட்டே முக்காலுக்கு முடியும். அதனால்தான் கோயிலை ஞாயிறு விடிகாலையில் வைக்கவில்லை. ராத்திரி 9 மணிக்குப் போகிற வயதானவரை மறுநாள் 5 மணிக்கு மேக்கப்புக்கு உட்காரவைக்க முடியாது.

ஞாயிறு 10 மணிக்கு ஆஸ்பத்திரியில் அவருக்கு 44. 12 மணிக்கு அவர் வேலை முடிந்துவிடும், டூப்பை வைத்து 45ஐ அதன் பிறகு எடுங்கள். அவரது அந்த அரை நாளை எதையும் போட்டு நிரப்பிவிடாதீர்கள்.

ஒன்றைக் கவனித்தீர்களா? கதைப்படி 33இல் பாட்டி தோட்டைக் கழற்றிக் கொடுக்கிறார். அதன் பிறகு காதில் தோடு கிடையாது. சனிக்கிழமை நீங்கள் முதலில் எடுப்பது 40, தோடு இல்லாமல். பிறகு 21, தோட்டோடு. சார்ட்டில் அந்த இரண்டு சீனிலும் 'தோடு இல்லை', 'தோடு உண்டு' என்று சிவப்பில் எழுதுங்கள். காஸ்ட்யூமருக்கு மட்டும் சொன்னால் போதாது, நகை யார் கையில் இருக்கிறதோ அவருக்கும் சொல்ல வேண்டும்.

அதே தென்காசி நண்பர்: 33ஐ வெள்ளி ராத்திரியே எடுக்கலாம் என்கிறார் கேமராமேன். கறுப்புத் துணி கட்டினால் 'செட் போட்டது மாதிரி' ஆகிவிடுமாம்.

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்கு தெரிய வேண்டும் என்று நினைத்தால் துணி கட்டி எடுப்பது தட்டையாகத்தான் இருக்கும். ஜன்னல் ஃப்ரேமில் வருமா என்று கேளுங்கள். வரும் என்றால் கோயிலை வெட்டிவிட்டு வெள்ளியை மதியத்தில் ஆரம்பிக்க வேண்டும், வேறு வழி இல்லை. அதை இயக்குநர்தான் முடிவு செய்ய வேண்டும், நானோ நீங்களோ அல்ல.

கேள்வி (நாடகக்காரர், மதுரை): கதையின் வரிசையிலேயே எடுத்தால்தானே நடிப்பு வளரும்? லொகேஷன் லொகேஷனாக வெட்டி எடுத்தால் உணர்ச்சி எங்கே வரும்?

கேள்வி ஷெட்யூலைப் பற்றியது இல்லை என்றாலும் பதில் சொல்கிறேன். முழுப் படத்தையும் வரிசையில் எடுக்க நம் பட்ஜெட் தாங்காது. ஆனால் ஒரே லொகேஷனுக்குள் முடிந்தவரை கதை வரிசையில் வைக்கலாம். மேலே வெள்ளிக்கிழமையைப் பாருங்கள், 3, 8, 27, 33 என்றுதான் போகிறது. புதுமுகங்கள் என்றால் இதற்காகவே ஒரு நாள் கூடக் கேட்பேன். தயாரிப்பு மேனேஜர் முறைப்பார்.

கேள்வி (ஐடி வேலை, வாரக்கடைசியில் குறும்படம்): கூகுள் ஷீட்டில் எல்லாம் போட்டிருக்கிறேன். 1ஆம் நம்பர் நடிகரின் சீன்களைத் தேடினால் 11, 12ஆம் நம்பர் நடிகர்களின் சீன்களும் வருகின்றன.

நடிகர்களுக்கு நம்பர் கொடுத்தது நல்ல பழக்கம். தமிழில் செல்வி, செல்வியின், செல்விக்கு என்று வேற்றுமை உருபு ஒட்டி வருவதால் பெயரை வைத்துத் தேடுவது வம்பு. முதலில் அந்தக் கட்டங்களை, எண்ணாக எடுத்துக்கொள்ளாதபடி எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிட்டு, அதன் பிறகு நம்பர்களை இடைவெளி இல்லாமல் 1,3,11 என்று எழுதுங்கள். பிறகு இரண்டு பக்கமும் காற்புள்ளி சேர்த்துத் தேடுங்கள். நடிகர் நம்பர்கள் G பத்தியில் இருப்பதாக வைத்துக்கொண்டால்:

```
=FILTER(A2:H60, ISNUMBER(SEARCH(",1,", ","&G2:G60&",")))
```

கேள்வி (தாய், 8 வயது மகனை நடிக்க அனுப்புகிறவர்): நாள் முழுக்க இருக்கச் சொல்கிறார்கள். இது சரியா?

இல்லை அம்மா. 2017இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி, ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேலும் கூடாது. படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். ஷெட்யூல் போடுகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: குழந்தை உள்ள சீனுக்குத் தனி நிறம் கொடுங்கள். ஹீரோவின் தேதியை அடுக்குவதற்கு முன்பே அந்த 5 மணி நேரத்தை அடுக்கிவிடுங்கள். குழந்தை முகம் தெரிகிற ஷாட்டை முதலில் முடித்துவிட்டு, எதிரில் இருப்பவரின் குளோசப்பைப் பிறகு எடுக்கலாம்.

கேள்வி (திருச்சிக்காரர் மறுபடியும்): காட்சி 14இல் ஒரு ஆடும் இருக்கிறது, சொல்ல மறந்துவிட்டேன். ஆட்டை ப்ராப்பர்ட்டியில் எழுதுவதா, நடிகரில் எழுதுவதா?

இரண்டிலும் வேண்டாம், விலங்கு என்று தனிக் கட்டம். அதற்கு இந்திய விலங்குகள் நல வாரியத்தின் அனுமதியைப் படப்பிடிப்புக்கு முன்பே வாங்க வேண்டும், அந்த விண்ணப்பத்துக்கு ஆகும் நாளையும் ஷெட்யூலில் கணக்கு வையுங்கள். அதற்கு முன்னால் இயக்குநரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், ஆடு அவசியம்தானா என்று. நான் கேட்டபோதெல்லாம் பாதி ஆடுகள் போய்விட்டன.